கிரிக்கெட்டில் இறங்கும் முன்பே வெளியேறும் தேதியைக் குறித்துவைப்பது எப்படி?

என் தம்பி சென்னை லீக் போட்டிகளில் ஆடத் தொடங்கியபோது, வீட்டில் அனைவரும் உட்கார்ந்து தயாரித்த திட்டத்தை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பயிற்சி, உணவு, உபகரணச் செலவு போன்றவை ஆடுகிறவர்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: கெடு தேதிகளைக் கணக்கிடுங்கள்

ஆட்டத்திறன் குறையும் வயதைத்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். ஆனால் மாற்றுவழிகளுக்கான கெடு அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடுகிறது. 2008 நவம்பரில் பிறந்த ஒரு சுழற்பந்து வீச்சாளரை எடுத்துக்கொள்வோம். வயதுப் பிரிவுக்கு செப்டம்பர் 1-ஆம் தேதியே கணக்கு என்பதால், 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவருக்கு 2027-28 கடைசிப் பருவம். 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 2031-32 கடைசி. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வயது வரம்பு 18 முதல் 25 வரை. அதில் எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது. ஆக, 2033 நவம்பரோடு அந்த வழி அடைபடும்.

இதை எழுதிவைக்கக் கைபேசிச் செயலிகளை விட எளிய விரிதாளே மேல் என்பது என் கருத்து. வீட்டில் எல்லோரும் திறந்து பார்க்கலாம். பிறந்த தேதியை B1 கட்டத்தில் இட்டால், 25 வயது நிறையும் நாளை இந்தச் சூத்திரம் தரும்:

```
=EDATE(B1,300)
```

விடை வெறும் எண்ணாகத் தெரிந்தால், அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

படி 2: சான்றிதழின் ஆயுளைப் பாருங்கள்

ரயில்வே அறிவிக்கைகளில், நடப்பு நிதியாண்டையும் அதற்கு முந்தைய சில ஆண்டுகளையும் சேர்ந்த சாதனைகளை மட்டுமே ஏற்பார்கள். எந்தத் தேதிக்குப் பிந்தையவை என்பது ஒவ்வோர் அறிவிக்கையிலும் இருக்கும். ஆகவே 2027-28இல் மாநில அணிக்கு ஆடிய சான்றிதழை 2032இல் நீட்டுவதில் பயனில்லை. மேலும், விண்ணப்பிப்பவர் அப்போதும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். களத்தேர்விலும் தேற வேண்டும். ஆட்டத்தை விட்டபின் தேடுகிற வேலை அல்ல இது; நன்றாக ஆடும்போதே விண்ணப்பிக்க வேண்டியது. கிடைத்தபின் மாநிலத்துக்கு அல்ல, ரயில்வே அணிக்கே ஆட வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மத்திய அரசுப் பணிகளுக்கு, மாநிலத்துக்காக ஆடியதற்குப் படிவம் 2-இல் மாநிலச் சங்கச் செயலாளரின் கையொப்பமும், பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்குப் படிவம் 3-இல் பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளரின் கையொப்பமும் தேவை. பருவம் முடிந்ததும் வாங்கிவிடுங்கள். பொறுப்பில் இருப்பவர்கள் மாறிவிட்டால் பழைய பதிவைத் தேடி அலைய நேரும்.

பயிற்சிக்கு நேரம் வேண்டுமென்று அஞ்சல்வழிக் கல்வியில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் முழுநேர மாணவர்களே ஆட முடியும். மாநில அணி கைகூடாதவருக்கு இருக்கும் உருப்படியான சான்றிதழ் வழி அதுதான்.

படி 3: நிபந்தனையைப் பிறர் சரிபார்க்கும்படி எழுதுங்கள்

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இந்தப் படிதான். “நன்றாக முன்னேறினால் தொடரலாம்” என்று எழுதினால், எந்தப் பருவத்தின் முடிவிலும் தொடரக் காரணம் கிடைத்துவிடும். உத்தேச அணிப் பட்டியலில் பெயர் வருவதும், தேர்வாளர் ஒருவர் பாராட்டுவதும், வலைப்பயிற்சியில் பெரிய ஆட்டக்காரருக்குப் பந்து வீசுவதும் நெருங்கிவிட்ட உணர்வைத் தருகின்றன. இவற்றில் எதற்கும் சான்றிதழ் இல்லை, போட்டி ஊதியமும் இல்லை. ஆகவே ஸ்கோர் அட்டையில் தெரிவதை மட்டுமே நிபந்தனையாக வையுங்கள். மேற்சொன்ன இளைஞருக்கு இப்படி எழுதலாம்:

“2029-30 பருவத்துக்குள் முதல் டிவிஷனில் ஆடும் பதினொருவரில் பாதிப் போட்டிகளுக்காவது இடம். 2030-31 பருவத்துக்குள் 23 வயதுக்குட்பட்டோர் மாநில அணிக்காக ஒரு போட்டியிலாவது ஆடியிருத்தல். இரண்டில் ஒன்று தவறினாலும், அந்தப் பருவம் முடிந்த மாதமே ஒதுக்கீட்டு வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குதல். 2031-32 முடிவில் வேலையும் மாநில அணியும் அமையாவிட்டால், முழுநேரப் பயிற்சியை நிறுத்துதல்.”

நிபந்தனை தவறினால் செய்யவேண்டிய முதல் வேலையையும் அதே வரியில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால், வருத்தத்திலேயே அடுத்த பருவம் தொடங்கிவிடும்.

படி 4: நிபந்தனை எழுதிய தாளை யாரிடம் கொடுப்பது?

பயிற்சியாளரிடம் வேண்டாம், மாணவர் தொடர்வதில்தான் அவருடைய அக்கறையும் வருமானமும் உள்ளன. பணம் போட்ட பெற்றோருக்கும் நிறுத்தச் சொல்வது கடினம். முன்பு லீக்கில் ஆடி இப்போது வேறு வேலையில் இருக்கும் ஒரு சித்தப்பாவோ அண்ணனோ பொருத்தமானவர்.

பின்சேர்க்கை: காயம் பட்டால் கெடுவைத் தள்ளிப்போடலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகெலும்பில் வரும் அழுத்த முறிவு பல மாதங்களை விழுங்கிவிடும் என்பதால் கேள்வி நியாயமானது. ஒரே ஒருமுறை, ஒரு பருவம் மட்டும் நீட்டிப்பு என்று இப்போதே எழுதிவிடுங்கள். ஆனால் 25 வயது வரம்பு காயத்துக்காக நகராது என்பதால், வேலைக்கான விண்ணப்பத் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நிறுத்தினால் திரும்பவே முடியாதா என்று கேட்டவர்களுக்கு: வருண் சக்ரவர்த்தி கிரிக்கெட்டை விட்டுக் கட்டடக்கலை படித்து, அத்துறையில் வேலையும் பார்த்த பின்னரே ஆட்டத்துக்குத் திரும்பினார், பிறகு சுழற்பந்து வீச்சாளராக மாறி 2018 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கவனம் பெற்றார். அவரைப் போலத் திரும்பியவர்கள் மிகக் குறைவு. ஆகவே அதைத் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டாம்.