சோபாவைப் பிறாண்டும் பூனையைத் திட்டாமல் மாற்றுவது எப்படி?

பூனை வளர்க்கத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது மூன்று கேள்விகள். மடியில் ஏறி ஏன் மிதிக்கிறது? சோபாவை ஏன் கிழிக்கிறது? செத்த எலியை ஏன் வீட்டுக்குள் கொண்டுவருகிறது? அதிகம் திட்டு வாங்குவது இரண்டாவதற்குத்தான் என்பதால் அதையே விரிவாகப் பார்ப்போம்.

பிறாண்டுவதற்குக் காரணங்கள் உண்டு. நகத்தின் மேலுள்ள பழைய உறை கழன்று, உள்ளிருக்கும் கூரிய நகம் வெளியே வரும். முதுகும் தோளும் நன்றாக நீண்டு சோம்பல் முறியும். விரல்களுக்கு இடையிலுள்ள சுரப்பிகளின் வாசனை அந்த இடத்தில் படியும். 'இது என் இடம்' என்று பூனை எழுதி வைப்பது அப்படித்தான். எனவே பிறாண்டுவதை நிறுத்த முடியாது. பிறாண்டும் இடத்தை மாற்றலாம்.

படி 1: கவனியுங்கள். எங்கே, எப்போது, எந்தத் துணியில், நின்றபடியா படுத்தபடியா என்று சில நாள் பாருங்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் சோபாவின் கைப்பிடியை, தூங்கி எழுந்ததும் பின்னங்காலில் நின்று பூனை கீறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவை செங்குத்தான, முழு உடலையும் நீட்டுமளவு உயரமான ஒன்று. தரை விரிப்பைக் கீறும் பூனைக்கோ படுக்கைவசமான பலகைதான் பிடிக்கும்.

படி 2: தூணைத் தேர்ந்தெடுங்கள். சிசல் எனப்படும் முரட்டு நார்க் கயிறு சுற்றிய, 80 முதல் 90 செ.மீ. உயரமுள்ள தூண் வளர்ந்த பூனைக்குப் பொருந்தும். உயரத்தைவிட முக்கியம் ஆடாமல் நிற்பது. கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் அடிப்பலகையைப் பெரிதாக்குங்கள் அல்லது சுவரோடு பிணையுங்கள். ஒரு முறை தன்மேல் சாய்ந்துவிட்டால் பல பூனைகள் அந்தத் தூண் பக்கமே போகாது.

படி 3: கைப்பிடியை ஒட்டியே வையுங்கள். பலர் தவறுவது இங்கேதான். பார்க்க அழகாக இல்லை என்று தூணை மூலையில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத மூலையில் அடையாளம் வைப்பதால் பூனைக்கு என்ன பயன்? அதே நேரம், கிழிந்த கைப்பிடியைத் துடைத்து இருபக்கமும் ஒட்டும் டேப்போ வழுவழுப்பான தடித்த விரிப்போ போட்டு மூடுங்கள்.

படி 4: தொட்டதும் பரிசு. பூனை தூணைக் கீறிய அந்த நொடியிலேயே ஒரு துண்டுத் தீனி கொடுங்கள். அது தூங்கி எழும் நேரம் பார்த்து, நூலில் கட்டிய பொம்மையைத் தூணின் மேல் ஆட்டுங்கள். காலைப் பிடித்துத் தூணில் தேய்க்காதீர்கள், பயந்துவிடும். கத்தினாலோ தண்ணீர் தெளித்தாலோ, நீங்கள் இல்லாத நேரம் பார்த்துக் கீறக் கற்றுக்கொள்ளும், அவ்வளவே.

படி 5: மெதுவாக நகர்த்துங்கள். சில வாரம் தூணையே நாடினால், தினமும் சில சென்டிமீட்டர் தள்ளி வைக்கலாம். மறுபடி சோபாவுக்குத் திரும்பினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். தூணைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நார் பிய்ந்த தூணை உடனே தூக்கி எறியவும் வேண்டாம். அதில்தான் அதன் வாசனை இருக்கிறது.

நக நுனியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் சேதம் குறையும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்தக் குழாய் ஓடுகிறது. அதைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டுங்கள். 'நகம் நீக்கும்' அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் விரல்களின் கடைசி எலும்பையே வெட்டி எடுக்கிறார்கள்.

மடியில் மாவு பிசைவதுபோல மிதிப்பது குட்டிப் பருவப் பழக்கம். பால் சுரக்கத் தாயின் வயிற்றை மிதித்த அதே அசைவு, மனம் நிம்மதியாக இருக்கும்போது வளர்ந்த பின்னும் வருகிறது. நகம் குத்தினால் தள்ளிவிடாமல், மடியில் தடித்த துணி விரித்துக்கொள்ளுங்கள். துணியைச் சப்புவதோடு நிற்காமல் கடித்து விழுங்கினால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், குடலில் அடைத்துக்கொள்ளும்.

இரை கொண்டுவருவது உங்களுக்குத் தரும் பரிசா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிடித்ததைத் தனக்குப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவருகிறது என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம். வயிறு நிறைந்திருந்தாலும் வேட்டை உந்துதல் இருக்கும், ஆகவே தண்டிப்பதில் பயனில்லை. 2021இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது வீட்டுக்கு வந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிடம் வேட்டை விளையாட்டு விளையாடியபோது 25 சதவீதம் குறைந்தது. விளையாட்டின் முடிவில் பொம்மையைப் பிடிக்கவிட்டு, பிறகு உணவு கொடுங்கள்.

பூனை பிடித்து வந்த பறவை உயிரோடு இருந்தால் பூனையை வேறு அறைக்கு மாற்றி, பறவையைக் காற்றுத் துளையுள்ள இருண்ட அட்டைப்பெட்டியில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் பூனையின் வாயிலுள்ள பாக்டீரியா அதைக் கொன்றுவிடக்கூடும். செத்த எலியைக் கையுறையோடு அப்புறப்படுத்துங்கள். அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைத்திருந்தால், அதைத் தின்ற எலியால் பூனைக்கும் விஷம் ஏறலாம். பூனை சோர்ந்தாலோ ஈறு வெளுத்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.