ஏஜென்ட் அண்ணனின் வாய்ஸ் மெசேஜை வாடகைக்காரர்களுக்கு அறிவிப்பாக எழுதுவது எப்படி?

காரைக்குடியில் எங்கள் பங்காளிகளின் வீட்டுப் பின்கட்டில் மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் அண்ணன் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். அதை அறிவிப்பாக எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. 2025 ஆகஸ்டில் வந்தது இது:

"தம்பி, பின்கட்டுல ஒழுகுதாம்ல, ஆடி கழியவும் கொத்தனார வரச் சொல்லிருக்கேன். ரெண்டு மூணு நாளாகும். சாமான நகட்டிக்கிடணும். குழாயும் மாத்தணும்னாக, செலவ பாத்துக்கலாம். அப்பறம் வாடகையும் கூட்டணும், சொல்லிரு."

1. வினைச்சொற்களைத் தனியே எழுதுங்கள்

காகிதத்தில் வரிக்கு ஒரு வினை: வருவது, நகட்டுவது, மாற்றுவது, பாத்துக்கிறது, கூட்டுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே "யார்?" என்று எழுதுங்கள். குரலை எழுத்தாக்கும் செயலி எனக்குச் சரிப்படவில்லை. நம் ஊர்ப் பேச்சை அது சிதைத்துவிடுகிறது. இரண்டு முறை கேட்டுக் கையால் எழுதுவதே நல்லது.

2. "-லாம்", "-ணும்" வரும் இடத்தில் நில்லுங்கள்

நான் தவறியது இங்கேதான். பேச்சில் ஆளைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். "செலவ பாத்துக்கலாம்" என்றால் வீட்டுக்காரர் தருவாரா, குடியிருப்பவர் தரணுமா, பிறகு பேசிக்கொள்வதா? முன்பு ஒரு முறை "செலவை வீட்டுக்காரர் ஏற்பார்" என்று நானாக எழுதிவிட்டேன். ஒரு அக்கா குழாய்க்குக் கொடுத்த 1,800 ரூபாயை வாடகையில் கழித்துக்கொண்டார். அண்ணன் சொன்னதோ "பிறகு பேசிக்கலாம்" என்ற பொருளில். அந்த மாதம் முழுக்க இரு தரப்பிலும் மனவருத்தம்.

இப்போது அண்ணனிடம் "யார் செலவு?" என்று கேட்பதில்லை. அதற்கும் "பாத்துக்கலாம்" என்றே பதில் வரும். "குழாய்ச் செலவு முழுதும் வீட்டுக்காரர் கணக்குத்தானே?" என்று ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்கிறேன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, குழாய் மாற்றுவதும் ஒயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. பைப்புத் திருகு, வாஷர் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. கேட்கும் முன் ஒப்பந்தத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. நாளைத் தேதியாக்குங்கள்

"ஆடி கழியவும்" என்பது நமக்குப் புரியும். வேற்றூரிலிருந்து வேலைக்கு வந்து குடியிருப்பவருக்குப் புரியாது. ஆவணி முதல் தேதி ஆகஸ்ட் 17. கொத்தனார் 20ஆம் தேதி புதன்கிழமை வருவதாக அண்ணன் உறுதிசெய்தார். வீட்டுக்குள் ஆள் வருவதை 24 மணி நேரம் முன்பாவது எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்தான். நான் ஒரு வாரம் தருகிறேன்.

4. வாடகையைத் தனி அறிவிப்பாக்குங்கள்

ஓடு மாற்றுவதையும் வாடகை கூட்டுவதையும் ஒரே தாளில் போட்டால், "ஓடு மாற்றியதற்கா கூட்டுகிறீர்கள்?" என்ற கேள்வி வரும். அது நியாயமான கேள்வியும்கூட. எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து, ஒப்பந்தத்தின் எந்த வரிப்படி என்ற மூன்றும் அண்ணனிடமிருந்து வரும்வரை வாடகை பற்றி நான் ஒரு வரியும் அனுப்புவதில்லை.

5. எழுதுங்கள்

> பின்கட்டு ஓடு, குழாய் வேலை
> 12-08-2025
>
> பின்கட்டில் குடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.
>
> மழைநீர் ஒழுகும் இடங்களில் ஓடு மாற்றவும், பழைய தண்ணீர்க் குழாயை மாற்றவும் ஆகஸ்ட் 20 (புதன்) காலை 9 மணிக்கு ஆட்கள் வருவார்கள். வேலை 22ஆம் தேதி மாலைக்குள் முடியும். கூடுதல் நாள் தேவைப்பட்டால் 21ஆம் தேதி இரவே தெரிவிப்போம்.
>
> ஓடு பிரிக்கும்போது தூசியும் ஓட்டுச் சில்லும் விழும். 19ஆம் தேதி இரவுக்குள் சாமான்களைச் சுவரோரம் நகர்த்தி, அரிசி, மாவுப் பாத்திரங்களை மூடி வைத்துவிடுங்கள். நகர்த்த ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறோம்.
>
> 21ஆம் தேதி காலை 10 முதல் மாலை 4 வரை தண்ணீர் வராது. முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.
>
> இந்த வேலைகளின் செலவு முழுவதும் வீட்டுக்காரருடையது.

"தவறும் பட்சத்தில்", "இதன் மூலம் அறிவிக்கப்படுகிறது" போன்றவற்றை நான் சேர்ப்பதில்லை. முதலாவது மிரட்டலாக ஒலிக்கும். இரண்டாவதில் மறுபடியும் ஆள் காணாமல் போகிறார். "நகர்த்தி வைத்துவிடுங்கள்" என்பதிலேயே வேண்டிய மரியாதை இருக்கிறது.

அனுப்பும் முன் அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். இந்த முறை அவர் "21 வேணாம் தம்பி, 22ந்தான் குழாய்க்காரர் வாராரு" என்றார். ஒரே ஒரு எண்ணைத் திருத்தி அனுப்பினேன்.

பின்சேர்க்கை: வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்களுக்கு என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் எடுத்து, பின்கட்டு வாசல் கதவில் மாட்டுகிறேன். பழைய தேக்குக் கதவு என்பதால் பசை போடுவதில்லை, நூலில் கட்டித் தொங்கவிடுகிறேன். எங்கள் பின்கட்டு ஆச்சிக்கு மட்டும் நேரில் போய்ப் படித்துக் காட்டுகிறேன். தண்ணீர் வராத நேரத்தை அவர் இரண்டு முறை கேட்டு, சுவரிலிருக்கும் தினசரி காலண்டரில் குறித்துக்கொள்வார்.