ஊழியர் குரலில் ஓர் ஆண்டு: கூட்டக் காணொளிக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்முனையில் ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குக் காணொளி தயாரிக்கும் இளைஞர் இருவர், தமது எழுத்துப்படியைப் பார்த்துத் தருமாறு கேட்டு அண்மையில் மட்டக்களப்புக்கு வந்திருந்தனர். பணிப்பாளர்களின் உரைகளைத் தவிர்த்து, ஊழியர்களின் குரலிலேயே அந்த ஆண்டைச் சொல்வது என்பது அவர்களது திட்டம். இடப்பக்கத்தில் ஊழியரின் பெயரும் வலப்பக்கத்தில் அவர் சொல்ல வேண்டிய வாக்கியமுமாக 9 பேருக்கும் நேர்த்தியாகத் தட்டச்சு செய்திருந்தனர். படப்பிடிப்புக்கு 4 நாட்களே இருந்தன. அந்த 9 பேரில் ஒருவரையும் அவர்கள் அதுவரை சந்தித்திருக்கவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த பிழை அப்படியே என் மேசையில் கிடந்தது.

சந்திக்கும் முன் வாக்கியம் எழுதுவது

அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரிசி ஆலைக்காக நான் எழுதிய முதற் காணொளியிலும் ஒவ்வொருவருக்கும் வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். நெல் அவிக்கும் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்த ஒருவருக்கு நான் எழுதியது இது: “இயந்திரக் கோளாறுகள் ஏற்பட்டபோதும் நாம் ஓர் அணியாகச் செயற்பட்டு உற்பத்தி இலக்கை எட்டினோம்.” அவர் அதை இரவெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். கமராவின் முன் நின்றதும் கண்கள் மேலே போயின, கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன, “செயற்பட்டு” என்ற சொல்லில் ஒவ்வொரு முறையும் தடக்கியது. 14 தடவைகள் எடுத்தோம். இறுதியில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நினைக்கும்போது இன்றும் எனக்கு என்மீது கோபம் வருகிறது. பிழை முழுவதும் என்னுடையதாக இருக்க, அதை அவர் சுமந்துகொண்டு போனார்.

அதைவிடப் பெரிய இழப்பு அதன் பின்னர்தான் நிகழ்ந்தது. கமராவை நிறுத்திவிட்டு, அவரது சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் தானாகவே சொல்லத் தொடங்கினார்: “தம்பி, மாசி மாசம் ஒரு நாள் இரவு பொயிலர் நிண்டு போச்சு. தொட்டியில நெல்லு ஊறிக் கிடக்கு. அப்பிடியே விட்டா நாத்தம் எடுத்திடும். மறுகா நாங்க நாலு பேரும் விடிய விடியத் தண்ணிய இறக்கி இறக்கிப் புதுத் தண்ணி விட்டம்.” பெரும்போக அறுவடை வந்து குவியும் மாதத்தில் கொதிகலன் நின்றால் ஆலைக்கு என்ன ஆகும் என்பது அந்தக் கூட்டத்தில் இருக்கப்போகும் ஒவ்வொருவருக்கும் தெரியும். நான் எழுதிய வாக்கியம் சொல்ல முயன்றதும் அதே இரவைத்தான். பதிவு செய்யத்தான் கமரா ஓடவில்லை.

ஐந்து நாட்களின் பின் கமராவுக்கும் விளக்குகளுக்கும் மறுபடி வாடகை கொடுத்து அவரைத் திரும்ப அழைத்தோம். இரண்டாம் முறை சொன்னபோது கதை பாதியாகச் சுருங்கியிருந்தது, “மறுகா” மறைந்து “பின்னர்” வந்திருந்தது. ஒருமுறை சொல்லி முடித்ததை மீண்டும் கேட்டால் மனிதர்கள் சுருக்கமாகவே சொல்வார்கள். அதனாற்றான் முதல் தடவையைக் கமரா இல்லாத இடத்தில் வீணாக்கக் கூடாது.

அந்த இளைஞர்களின் தாளை ஓரமாக வைத்துவிட்டு, இன்று நான் பின்பற்றும் முறையை அவர்களுக்குச் சொன்னேன். முதலில் ஆட்களைத் தேடாமல் ஆண்டைத் தேட வேண்டும். இயந்திரத் திருத்தப் புத்தகம், லொறிகளின் பயணப் பதிவு, மேலதிக நேரப் பதிவு ஆகிய மூன்றையும் புரட்டினால், எந்த வாரத்தில் ஆலை மூச்சுத் திணறியது, எந்த வாரத்தில் இரவு வேலை கூடியது என்பது தெரிந்துவிடும். அவற்றிலிருந்து நான்கைந்து நிகழ்வுகளைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றின்போதும் அங்கே நின்றவர் யார் என்று மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். பிறகு அவரைக் கமரா இல்லாமல் பத்து நிமிடம் சந்திக்கலாம். ஆனால் அந்தச் சந்திப்பில் கதையை முழுவதும் சொல்ல விடக் கூடாது. நிகழ்வு நடந்ததா, அவர் அங்கே இருந்தாரா, பேசச் சம்மதமா என்பவை தெரிந்தால் போதும்.

எழுத்துப்படியில் அந்த நிலையில் இருக்க வேண்டியவை கேள்விகள் மட்டுமே. “இந்த ஆண்டு உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்திச்சு” என்ற பதில்தான் கிடைக்கும். “பொயிலர் நின்ற அந்த இரவில் நீங்கள் எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டால் மனிதர் அந்த இடத்துக்கே திரும்பிப் போவார். இங்கே ஒரு சிக்கல் உண்டு: நமது குரல் காணொளியில் வராது. ஆகவே “அதுவா, விடியும் வரைக்கும் நிண்டம்” என்று தொடங்கும் பதில், எதைப் பற்றியது என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கும். அப்படி வந்தால் இடைமறிக்காமல் முடிக்க விட்டு, “வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் இதை எப்படித் தொடங்கிச் சொன்னீர்கள்?” என்று தொடக்கத்தை மட்டும் கேட்பேன். பெரும்பாலும் அவர்கள் பொயிலரிலிருந்தே தொடங்குவார்கள்.

பேச்செல்லாம் பதிவான பின்னர்தான் உண்மையான எழுத்து வேலை தொடங்குகிறது. 9 பேரிடம் 20 நிமிடம் வீதம் 3 மணி நேரப் பேச்சு சேரும். அதை முழுவதுமாக, பேசியபடியே, நிமிடக் கணக்குடன் தாளில் இறக்க வேண்டும்; “எண்டு” என்பதை “என்று” எனத் திருத்தினாற்கூட அந்த மனிதர் தாளிலிருந்து போய்விடுவார். 6 நிமிடக் காணொளி என்றால் 360 விநாடிகள். பேச்சில்லாத காட்சிகளுக்கும் திரையில் வரும் எழுத்துக்கும் 60 விநாடிகளை ஒதுக்கினால் மிஞ்சுவது 300. ஒரு துண்டு 15 விநாடி என வைத்தால் 20 துண்டுகளுக்குத்தான் இடம் உண்டு. அந்த 20 துண்டுகளையும் தாளிலிருந்து கத்தரித்து மேசையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வாசித்துப் பார்ப்பேன். பொயிலர் நின்றதை அவிப்பவர் சொல்லி முடிக்குமிடத்தில், காலையில் லொறியுடன் காத்திருந்த சாரதியின் துண்டு சேர்ந்தால், இருவரும் ஒருவரையொருவர் காணாமலே ஒரே கதையைச் சொல்லிவிடுவார்கள். இந்த ஒட்டுதலைத்தான் நாம் எழுதுகிறோம். வாக்கியங்கள் அவர்களுடையவை.

நிருவாகம் முன்கூட்டியே வாக்கியங்களைப் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்று கேட்கும். அந்த இளைஞர்களும் அதனாற்றான் எழுதியிருந்தார்கள். படப்பிடிப்புக்கு முன் நிகழ்வுகளின் பட்டியலையும் கேள்விகளையும் அனுமதிக்குக் கொடுங்கள், படப்பிடிப்புக்குப் பின் ஒட்டிய தாளைக் கொடுங்கள். இரண்டு தடவை பார்க்கக் கிடைப்பதால் அவர்கள் மறுப்பது அரிது.

எண்களை ஊழியரின் வாயில் வைப்பது

எத்தனை தொன், எத்தனை வீதம் என்பவை திரையில் எழுத்தாக வரட்டும்.

இரைச்சல் நடுவே பதிவுசெய்வது

இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினால் படம் அழகாக இருக்கும், பேச்சுத்தான் கேட்காது. ஆலைகளில் நெல் மூடைகள் அடுக்கிய களஞ்சியம் மிக நல்ல இடம். மூடைகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். பேச்சு முடிந்ததும் எல்லோரும் அசையாமல் இருக்க, அந்த இடத்தின் வெறும் ஒலியை 30 விநாடி பதிவு செய்துகொள்ளுங்கள். துண்டுகளை ஒட்டும்போது இடையில் விழும் வெற்றிடத்தை அதுதான் நிரப்பும்.

இறுதியில் பணிப்பாளரின் “சில வார்த்தைகள்”

சேர்க்க வேண்டாம். அவர் மேடையில் பேசுவார்.

ஒரே மொழிக்கு மாற்றுவது

அம்பாறைப் பக்கத்து நிறுவனங்களில் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கின்றனர். ஒருவரின் பேச்சின்மேல் இன்னொருவரின் குரலை ஏற்றினால், அவரை அறிந்த சக ஊழியர்களுக்கு அது வேறொருவராகத் தெரியும். ஒவ்வொருவரும் தமது மொழியிலேயே பேசட்டும், மற்ற மொழி கீழே எழுத்தாக வரட்டும். வாசிக்க நேரம் தேவைப்படுவதால் மிக விரைவாகப் பேசும் துண்டுகளை, மேசையில் தாள் பரப்பும்போதே தவிர்த்துவிடுங்கள்.

பேசியவருக்குக் காட்டாமல் திரையிடுவது

கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று நாட்கள் முன்பாக, ஒவ்வொருவருக்கும் அவரது பகுதியைத் தனியே காட்டிச் சம்மதம் பெறுங்கள். ஆலையிலே ஒருவர், மேற்பார்வையாளரைப் பற்றித் தான் சொன்ன ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார். நல்ல வரி, எடுத்துவிட்டோம்.