தராசு இல்லாமல் சாப்பாட்டின் மேக்ரோ கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோறு, சாம்பார், பொரியல், தயிர் என்று பரிமாறப்படும் ஒரு வீட்டுச் சாப்பாட்டில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றின் பங்கைக் கப், கரண்டி அளவுகளை மட்டும் கொண்டே ஓரளவு சரியாகக் கணக்கிட முடியும். ஆனால், முதல் தவறு சோற்றிலேயே நேர்கிறது. 240 மி.லி. கப் நிறையச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே கப்பில் வேகாத அரிசியை அளந்தால் அது 150 கிராமை நெருங்கும். கலோரி கணக்கிடும் செயலியில் "அரிசி, 1 கப்" என்பதைத் தேர்ந்தெடுப்பவர் சோற்றை மூன்று மடங்காகக் கணக்கிட்டுவிடுகிறார். ரைஸ் குக்கருடன் வரும் கப் பெரும்பாலும் 180 மி.லி.தான் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

அடுத்த தவறு, சாம்பாரைப் பருப்பாக எண்ணுவது. வெந்த கெட்டித் துவரம்பருப்பு ஒரு கப்பில் 11 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. அரை கப், அதாவது 100 கிராம் பருப்பைப் போட்டு ஐந்து கப் சாம்பார் வைத்தால், ஒரு கப்புக்குக் கிடைப்பது 4 கிராம்தான். ஆகவே, பானையில் போட்டதை முதலில் குறித்துக்கொண்டு, இறக்கியபின் எத்தனை கப் வந்தது என்று அளந்து வகுப்பதே நம்பத்தக்க வழி.

இரண்டு கப் சோறு, ஒரு கப் சாம்பார், அரை கப் பீன்ஸ் பொரியல், அரை கப் தயிர், ஒரு தேக்கரண்டி நெய், ஒருவர் பங்குக்கு வரும் தாளிப்பு எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, பொரியலில் சிறிது தேங்காய்த்துருவல் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் மாவுச்சத்து 117 கிராம், புரதம் 17, கொழுப்பு 21 வருகிறது. இந்தக் கிராம்களை அப்படியே விழுக்காடாக்குவதும் தவறு. முதல் இரண்டையும் 4ஆலும் கொழுப்பை 9ஆலும் பெருக்கிய பின்னரே பங்கு தெரியும். மொத்தம் 725 கலோரி. மாவுச்சத்து 65, புரதம் 9, கொழுப்பு 26 விழுக்காடு.

எல்லாவற்றிலும் பெரிய பிழை எண்ணெய்க் கரண்டியில்தான் என்பது என் கருத்து. தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி.; வீட்டில் எண்ணெய் ஊற்றும் கரண்டியோ இரண்டில் எதுவாகவும் இல்லாதிருக்கலாம். மேற்சொன்ன எண்ணெயும் நெய்யும் உண்மையில் மேசைக்கரண்டியால் ஊற்றப்பட்டிருந்தால் கொழுப்பு 48 கிராமாகவும், கலோரி 968ஆகவும், கொழுப்பின் பங்கு 45 விழுக்காடாகவும் உயர்ந்துவிடும். தட்டைப் பார்த்தால் இந்த வேறுபாடு எளிதில் புலப்படாது. இருமல் மருந்துடன் வரும் அளவு மூடியில் 5, 10 மி.லி. கோடுகள் இருக்கும்; அதில் தண்ணீரை அளந்து தங்கள் கரண்டியில் ஊற்றிப் பார்த்தால் அதன் கொள்ளளவு தெரிந்துவிடும். அப்பளம் பொரித்த எண்ணெயை மட்டும் இவ்வாறு கணக்கிட முடியாது. பொரிப்பதற்கு முன்னும் பின்னும் வாணலியில் உள்ள எண்ணெயை அளந்து, குறைந்த அளவை அப்பளங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.