உதவி கேட்டு வரும் படம் யாருடையது? பணம் அனுப்பும் முன் சரிபார்க்கும் முறை

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நிலநடுக்கம் ஏற்பட்ட சில நாள்களில், அழும் தங்கையை ஒரு சிறுவன் இறுக அணைத்துக்கொண்டிருக்கும் படம், தங்கையைக் காக்கும் நேபாளச் சிறுவன் என்ற குறிப்புடன் உலகெங்கும் பரவியது; அதைக் காட்டி நன்கொடையும் கேட்கப்பட்டது. உண்மையில் அது, வியட்நாமின் ஹா ஜியாங் மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் நா சோன் நுயென் என்ற புகைப்படக் கலைஞர் 2007இல் எடுத்த படம். பெற்றோர் வயலில் வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில், கேமராவுடன் வந்த அந்நியரைக் கண்டு சிறுமி அழுதாள். அண்ணன் அவளை அணைத்துக்கொண்டான். நேபாளத்துக்கு வருவதற்கு முன்பே அதே படம் கைவிடப்பட்ட அநாதைகள் என்றும், சிரியப் போரில் பாதிக்கப்பட்டவர்கள் என்றும் சுற்றி வந்திருந்தது. அந்தப் படத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, சரிபார்க்கும் முறையைப் பார்க்கலாம்.

முதல் வேலை, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சேமித்து, அதன் மேல் ஒட்டியிருக்கும் வாசகம், வங்கிக் கணக்கு எண், கியூஆர் குறியீடு ஆகியவற்றை வெட்டி நீக்குவது. இவை இருந்தால் தேடுபொறி படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பல படங்களை ஒட்டிச் சேர்த்திருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கைப்பேசியில், படத்தைக் கொண்டே தேடும் கருவியான கூகுள் லென்ஸைத் திறந்து அந்தப் படத்தைக் கொடுங்கள். அங்கே வரும் முடிவுகளில் பல, ஒரே மாதிரி தோன்றும் வேறு படங்களாகவே இருக்கும். சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் படங்களில் இந்தக் குழப்பம் மிக அதிகம். ஆகவே முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மூக்குக் குழாயின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி எந்தக் கன்னத்தில் எப்படிச் சாய்ந்திருக்கிறது, போர்வையின் மடிப்பு எங்கே விழுகிறது என்பவற்றை இரண்டு படங்களிலும் ஒப்பிடுங்கள். மடிப்பு வரை ஒத்துப்போனால் அது அதே படம்தான். எதுவும் கிடைக்காவிட்டால், படத்தை இடவலமாகத் திருப்பி மீண்டும் ஒருமுறை தேடுங்கள். தேடலிலிருந்து தப்புவதற்காகவே அப்படித் திருப்பிப் போடுபவர்கள் உண்டு.

பிறகு tineye.com தளத்தில் அதே படத்தை ஏற்றி, முடிவுகளை Oldest என்ற வரிசையில் அடுக்குங்கள். அங்கே காட்டப்படும் நாள், படம் எடுக்கப்பட்ட நாள் அன்று; அந்தத் தளம் அதை இணையத்தில் முதன்முதலாகக் கண்ட நாள். நமக்கு அதுவே போதும். 2015 ஏப்ரலில் நடந்த பேரிடரின் படம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே எங்கோ இருந்தது என்றால், வேறு சான்று தேவையில்லை. ஆனால் பழைய பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்பதால் படம் உண்மையானது என்று ஆகிவிடாது. ஒருவருடைய ஃபேஸ்புக் பக்கத்திலோ, மூடிய வாட்ஸ்அப் குழுவிலோ இருந்து திருடப்பட்ட படம் எந்தத் தேடலிலும் சிக்காமல் போகலாம். இந்த வேறுபாட்டைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவற விடுகிறார்கள்.

இதைவிடக் கடினமான வகை ஒன்று உண்டு: குழந்தை உண்மை, நோய் உண்மை, மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதமும் உண்மை, பணம் போகும் எண் மட்டும் மாற்றப்பட்டிருக்கும். என் கணிப்பில் மிகக் கொடுமையானது இதுதான், ஏனெனில் அந்தக் குடும்பத்துக்கே போக வேண்டிய பணம் இங்கே திருடப்படுகிறது. படத் தேடலில் நிதி திரட்டும் தளம் ஒன்றின் பக்கம் கிடைத்தால், அதிலுள்ள பெயர், ஊர், கணக்கு விவரம் ஆகியவற்றை உங்களுக்கு வந்த செய்தியோடு ஒப்பிடுங்கள். யுபிஐ எண்ணை உள்ளிட்டதும் திரையில் தோன்றும் கணக்குதாரரின் பெயரைப் படியுங்கள். தந்தையின் பெயர் ஒன்றாகவும் கணக்கின் பெயர் வேறாகவும் இருந்தால், அந்த நபர் யார் என்று கேட்டுத் தெளிவாகும் வரை அனுப்ப வேண்டாம்.

மருத்துவமனையை அழைப்பதானால், கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, மருத்துவமனையின் இணையதளத்தில் உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். நோயாளியின் உடல்நிலையை அவர்கள் சொல்லாமல் இருக்கலாம், அது சரியும்கூட. “இந்த உள்நோயாளி எண்ணின் கணக்கில் நேரடியாகப் பணம் கட்ட முடியுமா?” என்று மட்டும் கேளுங்கள். முடியும் என்றால் அங்கேயே கட்டிவிடலாம். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றால் கோரிக்கையை நம்ப வேண்டாம்.

போலி என்று உறுதியானதும், செய்தி வந்த குழுவில் அதை எழுத்தில் மட்டும் தெரிவியுங்கள். அந்தக் குழந்தையின் முகத்தை மறுபடியும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், இந்தியாவில் இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைத்து, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வழியுண்டு.