படம் பெரிதாகும்போது எழுத்து மட்டும் ஏன் கலங்குகிறது?

அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படம் ஒன்றை ஏ4 அளவில் பிரிண்ட் போட்டுச் சட்டத்தில் மாட்ட நினைத்தேன். வாட்ஸ்அப்பில் வந்த படம், 1600 × 1200 பிக்சல். ஃபோட்டோஷாப்பில் திறந்து, கீழே பெயர்களும் தேதியும் எழுதி, ஜேபெக்காகச் சேமித்து, அதன் பிறகு பெரிதாக்கினேன். பிரிண்டில் முகங்கள் பரவாயில்லை. எழுத்துகளோ தண்ணீர் பட்ட மை மாதிரி இருந்தன.

தவறு வரிசையில்தான். ஜேபெக் ஆனதுமே எழுத்தும் வெறும் பிக்சல் ஆகிவிடுகிறது. பெரிதாக்கும்போது இடையில் வேண்டிய பிக்சல்களை மென்பொருள் பக்கத்து நிறங்களைக் கலந்து ஊகித்து நிரப்பும். கன்னத்தில் அந்தக் கலப்பு கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு எழுத்தின் ஓரத்தில் சாம்பல் பட்டையாகத் தெரியும்.

ஏ4-ஐப் படுக்கைவாட்டில் 300 பிபிஐ-யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட 3508 × 2480 பிக்சல் வேண்டும். ஆகவே, எழுத்தே இல்லாத படத்தை முதலில் `Image Size`-இல் 3508 அகலத்துக்குப் பெரிதாக்குங்கள். உயரம் 2631 வரும், மிச்சத்தை வெட்டிவிடலாம். அப்புறம்தான் எழுத வேண்டும். புகைப்படத்தில் புது விவரம் எதுவும் முளைக்காது, அது கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். எழுத்து மட்டும் கூர்மையாக விழும். லேயர்கள் அப்படியே இருக்கும் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, லேயர்களை ஒன்றாக்காமல் பிடிஎஃப் எடுத்துக் கடைக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. அதில் எழுத்து பிக்சலாக மாறாமல் வடிவமாகவே போகும்.

இன்னொரு குழப்பம், `Resolution` கட்டத்தில் 72-ஐ 300 ஆக்கினாலே தரம் கூடிவிடும் என்பது. `Resample` டிக் இல்லாவிட்டால் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. அச்சில் வரும் அளவுதான் சுருங்கும். டிக் இருந்தால் மேலே சொன்ன அதே ஊக வேலைதான். ஃபோன் திரைக்கு அந்த எண்ணே பொருட்டில்லை, பிக்சல் கணக்கு மட்டும்தான்.

சரி, அதையே உறவினர்களுக்கு அனுப்ப 1080 அகலத்துக்குச் சுருக்கினால்? அச்சில் 10 பாயிண்ட் எழுத்து 300 பிபிஐ-யில் சுமார் 42 பிக்சல். சுருங்கியதும் 13தான். நம் எழுத்துக்கு அது போதாது: ண, ன சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி மங்கி 'க்' 'க' ஆகிவிடும். பிஎஸ்டியின் நகலைச் சுருக்குங்கள், எழுத்து லேயர் உயிரோடிருப்பதால் அது திரும்ப வரையப்படும். ஆனாலும் சின்ன வரிகளின் எழுத்தளவை இரண்டு மடங்காக்கி, இடம் போதாவிட்டால் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற சின்ன வரிகளை நீக்கிவிடுங்கள். 100% பெரிதாக்கத்தில் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, பிஎன்ஜியாகச் சேமித்து, வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். புகைப்படமாக அனுப்பினால் அது மறுபடி அமுக்கப்படும். சிவப்பு எழுத்தின் ஓரம்தான் அதில் முதலில் கலங்கும்.