கைப்பேசியில் ஜிப்பா மாற்றிப் பார்த்தல்: கழுத்துப் பூவேலை ஏன் கரைந்துபோகிறது?

தீபாவளிக்குக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் துணி எடுப்பது என்று முடிவான பிறகு, ஜார்ஜ் டவுன் லெபோ பசாரில் ஒரு கடையில் அரக்கு நிற ஜிப்பா ஒன்றைப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றித் தங்க நூலில் சின்னச் சின்ன மாங்காய்ப் பூவேலை. என் தம்பி கோலாலம்பூரில் வேலை செய்வதால் அவனை அழைத்து வந்து போட்டுப் பார்க்கச் சொல்ல வழியில்லை. கடைக்காரரிடம் கேட்டு ஜிப்பாவைப் படமெடுத்துக்கொண்டு, தம்பியிடம் சொல்லி அவனுடைய படம் ஒன்றையும் வாங்கி, இலவசச் செயலி ஒன்றில் உடையை மாற்றிப் பார்த்தேன். நிறம் அவனுக்குப் பொருந்தும் என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் மாங்காய்கள் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் தீற்றல் ஒன்றுதான் இருந்தது. இதைச் செய்யும் முறையையும், அந்தப் பூவேலை எங்கே போயிற்று என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

ஆளின் படம்

நேராக நின்று, கைகளை உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்து, வெற்றுச் சுவர் முன்னால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் போதும். உடம்போடு ஒட்டிய டி-சட்டை அணிந்திருப்பது நல்லது. தொளதொளப்பான சட்டையாக இருந்தால் செயலி அதன் வெளிக்கோட்டையே உடம்பின் கோடாக எடுத்துக்கொண்டு ஆளைப் பருமனாக்கிவிடும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிடுங்கள், ஏனெனில் அது தோள் ஓரங்களையும் சேர்த்து மங்கலாக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றால் விரல்கள் பெரும்பாலும் கெடும்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அப்படி அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்த அளவிலேயே வந்து சேரும். என் தம்பி முதலில் தலை முதல் கால் வரை தெரியும் படத்தை அனுப்பினான். அது தவறு என்பது பின்னால்தான் புரிந்தது.

துணியின் படம்

ஜிப்பாவை வெள்ளைத் துணி விரித்த மேசையில் மடிப்பில்லாமல் பரப்பி, கைகள் இரண்டையும் விரித்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். இந்தத் துறையில் ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் VITON-HD என்ற தரவுத் தொகுப்பில் 13,679 இணைப் படங்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் நேராக நிற்கும் ஒரு பெண்ணின் படமும் அவர் அணிந்த மேலாடையைத் தனியே எடுத்த படமும் இருக்கும். அத்தகைய படங்களில் பழகிய கருவிகளுக்குத் துணியை அதேபோல் தனியாகக் காட்டுவதே எளிது. கடையின் மஞ்சள் விளக்கடியில் எடுத்தால் அரக்கு செங்கல் நிறமாகிவிடும் என்பதால், வாசலோரம் கொண்டுவந்து எடுக்க அனுமதி கேட்டேன். சேலையை இந்த முறையில் பார்க்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்தரை மீட்டர் துணி எங்கே மடிந்து எங்கே கொசுவமாகிறது என்பது அதை விரித்துவைத்த படத்தில் இல்லை. செயலி அதை ஒரு கவுனாக ஊகித்து வரையும்.

செயலியில் செய்ய வேண்டியவை

செயலிகளுக்குச் செயலி பொத்தான்களின் பெயர் மாறும், வேலை மாறாது. ஆளின் படத்தை ஏற்றி, துணியின் படத்தை ஏற்றி, வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலாடை, கீழாடை, முழு ஆடை என்று மூன்று வகைகள் பொதுவாக இருக்கும். ஜிப்பா முழங்கால் வரை வருவதால் முழுநீளப் படத்தில் மேலாடை என்று கொடுத்தால் அதை இடுப்பில் வெட்டிச் சட்டையாக்கிவிடும். முழு ஆடை என்று கொடுத்தால் கால்சட்டையையும் மாற்றத் தொடங்கும். இடுப்பு வரை எடுத்த படத்தில் இந்தச் சிக்கலே வராது.

அடுத்தது மாஸ்க், அதாவது எந்த இடத்தை அழித்து வரைய வேண்டும் என்று காட்டும் பகுதி. பல செயலிகள் இதைத் தாமாகவே வகுத்துக்கொள்கின்றன. சிலவற்றில் விரலால் பூசித் திருத்தலாம். திருத்தும் வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். மாஸ்க் பழைய சட்டையின் அளவுக்கு இருந்தால் போதாது, புதிய உடை எவ்வளவு மூடுமோ அவ்வளவும் இருக்க வேண்டும், ஏனெனில் கருவி மாஸ்க்கின் உள்ளே மட்டும்தான் வரையும். தம்பி அரைக்கை டி-சட்டை அணிந்திருந்ததால், மாஸ்க்கை மணிக்கட்டு வரை நீட்டாமல் விட்ட முதல் முயற்சியில் ஜிப்பாவுக்கும் அரைக்கைதான் வந்தது. நீட்டிய பிறகு முழுக்கை வந்தது, ஆனால் மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிறு மறைந்துவிட்டது. நகையோ கயிறோ தப்ப வேண்டுமானால் மாஸ்க் அதற்கு முன்பே நிற்க வேண்டும்.

இலவசச் செயலிகள் பலவற்றில் ஒரு நாளுக்கு இத்தனை முறை என்ற வரம்பு உண்டு. ஆகவே மாஸ்க்கைச் சரிபார்க்காமல் பொத்தானை அழுத்தி முயற்சிகளை வீணாக்காதீர்கள். செயலியின் பெயர் முத்திரை பெரும்பாலும் கீழ் மூலையில் விழும் என்பதால் படத்தின் அடியில் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது.

படம் செயலியை நடத்துவோரின் சேவையகத்துக்குப் போகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இங்கு மேற்கொண்டு பயன்படுத்தும் நோக்கமில்லாமல் வெளிநாட்டில் கையாளப்படும் தரவுக்குப் பொருந்தாது. ஆகவே உங்கள் படத்தையோ, கேட்டு அனுமதி பெற்றவரின் படத்தையோ தவிர வேறெவர் படத்தையும் இதில் ஏற்றாதீர்கள்.

பூவேலை எங்கே போயிற்று?

வந்த படத்தைச் சேமித்து, கேலரியில் அதன் விவரங்களைத் திறந்து பாருங்கள். தம்பி அனுப்பிய படம் 3000 × 4000 பிக்சல். செயலி திருப்பித் தந்தது 768 × 1024. இந்தச் சுருக்கம்தான் முதல் இழப்பு. 170 செ.மீ. உயரமுள்ளவன் அந்தப் படத்தில் ஏறக்குறைய 900 பிக்சல் உயரத்துக்கு நிற்கிறான் என்றால், ஒரு செ.மீ.க்கு ஐந்து பிக்சல்தான் கிடைக்கிறது. ஒன்றரை செ.மீ. மாங்காய்க்குக் கிடைப்பது எட்டுப் பிக்சல்.

இரண்டாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. Stable Diffusion என்ற படம் வரையும் செயற்கை நுண்ணறிவு மாதிரியின் வழிவந்த கருவிகள் படத்தில் நேரடியாக வரைவதில்லை. 8 × 8 பிக்சலை ஒரே கட்டமாகச் சுருக்கி, அந்தச் சிறிய படத்தில் வரைந்து, பிறகு விரித்துத் தருகின்றன. அப்படியானால் தம்பியின் மாங்காய் முழுவதற்கும் ஒரே ஒரு கட்டம்தான். வளைந்த நுனி, உள்ளே ஒரு புள்ளி, சுற்றிலும் ஓர் ஓரக்கோடு, இவை எல்லாவற்றையும் ஒரு கட்டத்தில் வைக்க இடமேது? இங்கே கைப்பேசி எவ்வளவு விலை உயர்ந்தது என்பது பொருட்டே அல்ல, வரைதல் அதில் நடப்பதில்லை.

இதைத் தெரிந்துகொண்டு, இடுப்புக்கு மேல் மட்டும் வருமாறு இன்னொரு படம் அனுப்பச் சொன்னேன். இப்போது 80 செ.மீ. உடம்பு 1000 பிக்சலை நிரப்பியதால் ஒரு செ.மீ.க்குப் பன்னிரண்டு பிக்சல், மாங்காய்க்குப் பதினெட்டு. அதாவது இரண்டு கட்டங்களுக்குச் சற்று மேல். தீற்றல் போய், வரிசையாக ஏதோ மணிகள் கோத்ததுபோல் தெரிந்தது. மாங்காய் என்று சொல்ல முடியாது, ஆனால் பூவேலை உண்டு என்று சொல்லலாம். இலவசச் செயலியில் ஒரு தொடக்கக்காரர் செய்யக்கூடிய மிகப் பெரிய மேம்பாடு இதுதான்.

முகத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். சில செயலிகள் மாஸ்க்குக்கு வெளியே உள்ள பகுதியையும் சுருக்கி விரித்தே திருப்பித் தருகின்றன. நெற்றித் திருநீற்றின் மூன்று கோடுகள் ஒரே வெள்ளைப் பட்டையாகியிருந்தால், அல்லது மூக்குத்தியின் கல் மங்கியிருந்தால், அதுதான் நடந்திருக்கிறது.

மேசைக் கணினியில் என்ன வேறுபாடு?

கணினியிலேயே உடையை மாற்றிப் பார்க்க உதவும் CatVTON போன்ற இலவசக் கருவி 768 × 1024 அளவில் வேலை செய்ய 8 ஜிபிக்கும் குறைவான வரைகலை நினைவகமே போதும். முதல் படத்தை அது தரும்போது, செயலி தந்ததைவிட வியக்கத்தக்க அளவுக்கு உயர்வாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அளவும் அதுவே, 8 × 8 சுருக்கமும் அதுவே. வேறுபாடு அதற்குப் பிறகு தொடங்குகிறது.

Stable Diffusion-ஐக் கணினியில் இயக்க உதவும் AUTOMATIC1111 இடைமுகத்தில், படத்தின் ஒரு பகுதியை மட்டும் திரும்ப வரையும் Inpaint பகுதியில் கழுத்துப் பூவேலையை மட்டும் பூசி, `Only masked` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, நாம் கொடுத்த அளவுக்குப் பெரிதாக்கி வரைந்து, பழைய இடத்தில் ஒட்டிவிடும். 30 செ.மீ. அகலத் துண்டுக்கு 1024 பிக்சல் முழுவதும் கிடைக்கிறது. மாங்காய்க்கு ஐம்பது பிக்சல், அதாவது ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டங்கள். ஒட்டும் இடத்தில் விவரம் மறுபடி சுருங்காமலிருக்க, முதலில் முழுப் படத்தையும் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கருவி தெளிவான மாங்காயை வரைகிறது, ஆனால் அது கடையிலுள்ள ஜிப்பாவின் மாங்காய் அன்று. தானே கற்பனை செய்த ஒன்று. அசல் வேண்டுமானால், ஜிம்ப் மென்பொருளில் துணிப் படத்திலிருந்து கழுத்துப் பட்டையை வெட்டி, தோளின் வளைவுக்கேற்ப வளைத்து ஒட்டிவிட்டு, அதன் பிறகு, இருக்கும் படத்தை எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் `Denoising strength` அளவை 0.25 அளவில் வைத்து ஒருமுறை ஓட்ட வேண்டும். ஒட்டிய ஓரமும் நிழலும் இணையும், பூவேலை பெரும்பாலும் அப்படியே நிற்கும். 0.6க்குப் போனால் மறுபடி கற்பனை மாங்காய்தான். வரைதல் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்குகிறது என்று குறிக்கும் `Seed` எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டால், எந்த மாற்றத்தால் என்ன நேர்ந்தது என்று ஒப்பிட முடியும்; நான் பயன்படுத்திய செயலியில் அந்த எண்ணைப் பார்க்கவே வழியில்லை. கடைசியாக, அசல் படத்தை இன்னொரு அடுக்காக மேலே வைத்து, முகத்தையும் கைகளையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டால் திருநீறும் தப்பும், கயிறும் தப்பும். எனக்கு இவ்வளவுக்கும் ஒரு மாலைப்பொழுது ஆயிற்று; செயலியில் அது ஒரு நிமிட வேலை. நிறம் பார்க்க மட்டும் வேண்டியவர் கணினிப் பக்கம் போகத் தேவையில்லை.

இரண்டிலும் தெரியாத ஒன்று அளவு. கொடுத்த துணியை ஆளின் உடம்புக்குப் பொருந்தும்படி வரைவதே இக்கருவிகளின் வேலை என்பதால், 38 ஆனாலும் 44 ஆனாலும் ஜிப்பா தம்பிக்குத் தைத்துப் போட்டதுபோலவே தெரியும். படத்தைப் பார்த்துச் சரி என்றவனிடம், தோளுக்குத் தோள், மார்புச் சுற்று, கை நீளம் மூன்றையும் நாடாவால் அளந்து அனுப்பச் சொன்ன பிறகே கடைக்குத் திரும்பிப் போனேன்.